கம்ப்யூட்டர் இல்லாமல், போனிலேயே வாடகைப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்புவது: முழுமையான வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு பார்க்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் வீட்டுக்காரர் நேரில் கிடைப்பது அரிது. பல வீடுகளின் சொந்தக்காரர்கள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொன்னதும், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். "இதை ஃபில் பண்ணி, சைன் போட்டு, இன்னைக்கே அனுப்பிடுங்க" என்பார்கள். மஞ்சூரிலோ கீழ்க்கோத்தகிரியிலோ இருப்பவர் அதற்காக பஸ் பிடித்து டவுனுக்குப் போய், பிரிண்ட் எடுத்து, எழுதி, ஸ்கேன் செய்து அனுப்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். போதாததற்கு, ஆதார் நகலும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் தங்கிவிடும்.

சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே முடிக்கலாம். பட்டன் போனில் முடியாது. இங்கே நான் சொல்வது ஒரே ஒரு இலவச ஆப்பை வைத்துத்தான்: அடோபி நிறுவனத்தின் அக்ரோபேட் ரீடர். நிரப்புவதற்கும் கையெழுத்திடுவதற்கும் அதில் பணம் கட்டத் தேவையில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். படிவத்தில் காலியாக விட்டிருக்கும் இடங்களை நிரப்புவது வேறு, அச்சிட்டிருக்கும் வாசகத்தையே மாற்றுவது வேறு. முதலாவதுக்கு அந்த ஆப்பில் Fill & Sign என்று பெயர், அது இலவசம். இரண்டாவதுக்கு Edit PDF என்று பெயர், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். வாடகைப் படிவத்துக்கு நமக்குத் தேவை முதலாவது மட்டும்தான். வீட்டுக்காரர் எழுதியனுப்பிய வாசகத்தை அவருக்குத் தெரியாமல் மாற்றி அனுப்புவது பிறகு பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். ஒரு நிபந்தனை பிடிக்கவில்லை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆப்பை இறக்குவது

பிளே ஸ்டோரில் Adobe Acrobat Reader என்று தேடுங்கள். அதே சாயலில் PDF Editor என்று நிறைய ஆப்கள் வரிசையாக வரும். சில விளம்பரத்தால் நிறைந்தவை, சில ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் முத்திரையைப் பதித்துவிடும், சில உங்கள் கோப்பைத் தங்கள் சர்வருக்கு ஏற்றிவிட்டுத்தான் வேலையே செய்யும். படிவத்தில் உங்கள் முகவரி, போன் நம்பர், ஆதார் விவரம் எல்லாம் இருக்கிறது. அதனால் ஆப்பின் பெயருக்குக் கீழே Adobe என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இந்த ஆப் கொஞ்சம் இடம் பிடிக்கும். போனில் இடம் இல்லை என்று வந்தால் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கும் காலை வணக்க வீடியோக்களை முதலில் அழியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலேயே ஆப்பை இறக்கி, ஒருமுறை திறந்து, உள்நுழைந்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கைக் கொண்டே உள்நுழையலாம். மழைக்காலத்தில் மலையில் டவர் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் கோப்பு போனில் இறங்கிவிட்டால் நிரப்புகிற வேலைக்கு நெட் அவசியமில்லை. அனுப்பும்போதுதான் மறுபடி வேண்டும்.

திறந்ததும் இலவச சோதனைக் காலம் என்று சொல்லி அட்டை விவரம் கேட்கும் பக்கம் வரலாம். மூலையில் இருக்கும் X குறியைத் தொட்டு மூடிவிடுங்கள். நமக்கு அது வேண்டாம்.

கோப்பை வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே எடுப்பது

பலருக்கு வேலை கெடுவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை அங்கேயே தொட்டுத் திறந்து நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். பாதி நிரப்பிய பிறகு, "சேமித்த கோப்பு எங்கே போச்சு?" என்று தேடுவார்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நேரடியாகத் திறக்கும் கோப்பைப் பல சமயம் வெறும் பார்வைக்கு மட்டுமே ஆப் எடுத்துக்கொள்ளும். மாற்றம் செய்தால் தனியாக ஒரு நகல் உண்டாகும், பழைய கோப்பு அப்படியே காலியாக இருக்கும். கடைசியில் அவசரத்தில் காலிப் படிவத்தையே திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

அதனால் முதலிலேயே கோப்பை Download கோப்புறையில் சேமித்துவிடுங்கள். பிறகு அக்ரோபேட் ரீடரைத் தனியாகத் திறந்து, அதன் Files பகுதிக்குப் போய், போனில் உள்ள கோப்புகளிலிருந்து அதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயர் document1 என்பதுபோல் இருந்தால் உங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொள்வது நல்லது.

உங்கள் படிவம் எந்த வகை?

காலியான ஓர் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். உடனே கீபோர்டு எழும்பி, கட்டத்துக்குள் எழுத்து விழுந்தால் அது நிரப்புவதற்கென்றே செய்த படிவம். அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் லேசான நிறத்தில் தெரியும். ஒவ்வொன்றாகத் தொட்டு நிரப்பிக்கொண்டே போகலாம்.

தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது வெறும் அச்சுப் பக்கம், அல்லது காகிதத்தை போட்டோ எடுத்துப் பிடிஎஃப் ஆக்கியது. வீட்டு புரோக்கர்கள் அனுப்புவது பெரும்பாலும் இந்த வகைதான். இதற்குத்தான் Fill & Sign. திரையின் கீழ்ப்பகுதியில் அந்தப் பெயர் நேரடியாகவே இருக்கும், அல்லது வலது கீழ்மூலையில் உள்ள நீல நிறப் பொத்தானைத் தொட்டால் வரும் பட்டியலில் இருக்கும். ஆப்பின் பதிப்புக்கு ஏற்ப இடம் மாறும், பெயர் மாறாது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. திறந்தால் படிவமே தெரியாமல், Please wait... என்று தொடங்கும் ஒரு செய்தி மட்டும் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது. அது கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும் பழைய அமைப்பு. அதோடு போராடாமல், அனுப்பியவரிடம் சாதாரண பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரப்புவது: ஓர் உதாரணம்

மஞ்சூரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வெலிங்டன் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குன்னூரில் மாத வாடகை 7,000 ரூபாய், அட்வான்ஸ் 35,000 ரூபாய் என்று பேசி முடித்த வீடு. வந்திருப்பது இரண்டு பக்க ஆங்கிலப் படிவம். முதல் பக்கத்தில் பெயர், அப்பா பெயர், நிரந்தர முகவரி, போன் நம்பர், குடியிருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பவை. இரண்டாம் பக்கத்தில் வாடகை, அட்வான்ஸ், சில நிபந்தனைகள், கடைசியில் கையெழுத்தும் தேதியும்.

Fill & Sign திறந்ததும், பெயருக்கான கோடு பெரிதாகத் தெரியும் அளவுக்கு இரண்டு விரலால் பக்கத்தை விரித்துக்கொள்ள வேண்டும். சின்னத் திரையில் இதைச் செய்யாமல் தொட்டால் எழுத்து கோட்டுக்கு மேலேயோ கீழேயோ விழும். கோட்டின் தொடக்கத்தில் தொட்டால் ஒரு பெட்டி வரும், அதில் தட்டச்சு செய்ய வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன A, பெரிய A என்று இருக்கும், எழுத்தின் அளவை அதில் சரிசெய்யலாம். இடம் கொஞ்சம் விலகியிருந்தால் பெட்டியை விரலால் பிடித்து நகர்த்தலாம். பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். இனிஷியல் முன்னே பின்னே மாறினால்கூடப் பிறகு ஒப்பந்தம் போடும்போது கேள்வி வரும்.

முகவரிக்கு மூன்று கோடு விட்டிருந்தால், முழு முகவரியையும் ஒரே பெட்டியில் அடிக்காதீர்கள். பெட்டியின் வரி இடைவெளியும் படிவத்தில் உள்ள கோடுகளின் இடைவெளியும் ஒத்துப்போகாது. இரண்டாவது வரியே கோட்டின் மேல் ஏறி உட்காரும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகத் தொட்டு, தனிப் பெட்டியில் எழுதினால் சரியாக அமரும்.

போன் நம்பருக்கு எண்ணுக்கு ஒரு கட்டம் என்று பத்துக் கட்டம் வரைந்திருந்தால், அதற்கென்றே எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்த குறி போட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் தொட்டு, நம்பரை முழுதாக அடித்துவிட்டு, பெட்டியின் ஓரத்தை இழுத்துக் கட்டங்களுக்குப் பொருத்த வேண்டும். ஆம் / இல்லை கட்டங்களுக்கு டிக் குறியும் பெருக்கல் குறியும் தனியாக இருக்கின்றன.

இந்த உதாரணப் படிவத்தில் ஒரு நிபந்தனை: "அறையில் ரூம் ஹீட்டர் பயன்படுத்தக் கூடாது." வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், குன்னூர் குளிரில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. வீட்டுக்காரரிடம் பேசியபோது, "சரிம்மா, கரண்ட் பில் நீங்க கட்டுறதா இருந்தா யூஸ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அப்போது அந்த வரியை அழிக்க வேண்டியதில்லை. கோடு போடும் கருவியால் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "ஹீட்டர் அனுமதி, மின் கட்டணம் வாடகைதாரர்" என்ற பொருளில் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதி, அருகிலேயே சுருக்கொப்பம் வைக்க வேண்டும். சுருக்கொப்பத்துக்கு ஆப்பில் Initials என்று தனி இடம் உண்டு. வீட்டுக்காரரும் அதே இடத்தில் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் அந்த மாற்றத்துக்கு மதிப்பு. போனில் பேசியதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

தமிழில் நிரப்ப வேண்டியிருந்தால்

படிவம் தமிழில் இருந்து, தமிழிலேயே நிரப்பச் சொன்னால் கவனமாக இருங்கள். கீபோர்டில் சரியாக அடித்தாலும் பிடிஎஃப்பில் விழும்போது எழுத்து சிதையலாம். "கோத்தகிரி" என்று அடித்தால் முதல் எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்களாகத் தெரியும். படிவத்துக்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாததும், கொம்பையும் காலையும் சேர்த்து அடுக்கத் தெரியாததும்தான் காரணம். உங்கள் போனின் கோளாறு இல்லை, நீங்கள் தப்பாக அடிக்கவும் இல்லை.

முதலில் ஒரே ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். சிதைந்தால், பெயரையும் முகவரியையும் ஆங்கில எழுத்தில் நிரப்பலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தமிழ்தான் வேண்டும் என்றால், பக்கத்தை நன்றாக விரித்துக்கொண்டு, விரலால் வரையும் பேனாக் கருவியில் எழுதலாம். கையெழுத்து அழகாக வராது, ஆனால் படிக்க முடியும்.

கையெழுத்து

Fill & Sign திரையில் பேனா முனைக் குறியைத் தொட்டால் Create signature என்று வரும். உள்ளே விரலால் வரையவும், படம் தேர்ந்தெடுக்கவும், கேமராவில் எடுக்கவும் வழி இருக்கும்.

விரலால் போடுவதாக இருந்தால் போனைப் படுக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள், இடம் அதிகம் கிடைக்கும். விரலை எடுத்து எடுத்துப் போடாமல் ஒரே ஓட்டத்தில் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் Clear தொட்டு மறுபடி போடலாம்.

எனக்குப் பிடித்தது கேமரா வழி. கோடு இல்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு பால்பாயின்ட் பேனாவால், வங்கியில் போடுவது போலவே கையெழுத்துப் போடுங்கள். பகலில் ஜன்னல் ஓரமாக, தாளின் மேல் கை நிழலோ போன் நிழலோ விழாமல் நேர் மேலிருந்து படமெடுங்கள். பனிமூட்டமான நாள் இதற்கு நல்லது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழும். இரவில் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் தாள் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ பதிந்து, படிவத்தில் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு அழுக்குச் சதுரம் போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் படத்தைத் திரும்ப எடுப்பதுதான் வழி. படமெடுத்த பிறகு ஓரங்களை இழுத்து, கையெழுத்து மட்டும் இருக்கும்படி வெட்டி, Done தொடுங்கள். படிவத்தில் கையெழுத்துக் கோட்டின் மேல் தொட்டு வைத்து, அளவைச் சுருக்கிப் பொருத்துங்கள். அச்சிட்ட வரியின் மேல் ஏறக் கூடாது.

ஆப் உங்கள் கையெழுத்தை அடுத்த முறைக்காகச் சேமித்து வைத்துக்கொள்ளும். போன் உங்களுடையது மட்டும் என்றால் வசதிதான். வீட்டில் நாலு பேர் கையாளும் போன் என்றாலோ, அடுத்தவர் போனில் செய்கிறீர்கள் என்றாலோ, வேலை முடிந்ததும் அந்தக் கையெழுத்தை நீக்கிவிட்டு, கணக்கிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள்.

பூட்டுவது

இதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நிரப்பிய எழுத்தும் கையெழுத்தும் இந்த நிலையில் பக்கத்தின் மேல் தனி அடுக்காக உட்கார்ந்திருக்கலாம். கோப்பை வாங்குகிறவர் வேறு ஆப்பில் திறந்தால் சில பெட்டிகள் காலியாகத் தெரியலாம். அதைவிட மோசம், 35,000 என்பதை யாராவது தொட்டு மாற்றவும் முடியலாம். அதனால் எல்லாவற்றையும் பக்கத்தோடு ஒட்டவைத்த புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதைத்தான் அனுப்ப வேண்டும்.

இதற்கு ஆண்ட்ராய்டிலேயே வழி இருக்கிறது, பிரிண்டர் தேவையில்லை. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Print கொடுங்கள். பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் Save as PDF என்பதை எடுங்கள். காகித அளவு A4 என்று இருக்கட்டும். பக்கத்திலுள்ள PDF பொத்தானைத் தொட்டு, Download கோப்புறையில் புதுப் பெயரில் சேமியுங்கள். முடிவில் "இறுதி" என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் பழையதோடு குழம்பாது.

இப்போது அந்தப் புதுக் கோப்பை அக்ரோபேட்டில் திறக்காமல் வேறொன்றில் திறந்து பாருங்கள். போனில் ஏற்கெனவே கூகுள் டிரைவ் இருந்தால் அதுவே போதும். பெயர், தொகை, டிக் குறிகள், சுருக்கொப்பம், கையெழுத்து எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, இரண்டு பக்கமும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அதையே அக்ரோபேட்டிலும் திறந்து, ஓர் எழுத்தைத் தொட்டுப் பாருங்கள், நகரக் கூடாது. நகராவிட்டால் ஒட்டிவிட்டது என்று பொருள். ஒட்டிவைப்பது தெரியாத்தனமாகவோ அவசரத்திலோ மாற்றுவதைத் தடுக்கும், வேண்டுமென்றே மாற்றப் பார்ப்பவரை முழுவதும் தடுக்காது. அதனால் நீங்கள் அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்வது முக்கியம்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு Document வழியாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரி வழியாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்து மங்கிப்போகும்.

ஆதார் நகலும் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை அனுப்புங்கள். myaadhaar.uidai.gov.in தளத்தில் இறக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கிறது. இறங்கும் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு: ஆதாரில் உள்ள பெயரின் முதல் 4 எழுத்து பெரிய ஆங்கில எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த வருடம். படிவத்தில் போட்டோ ஒட்டும் கட்டம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, போட்டோவைத் தனியாக அனுப்பினால் போதும்.

இந்தக் கையெழுத்து எதுவரை செல்லும்

இப்படிப் போடுவது கையெழுத்தின் படம். விவரப் படிவத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இது நடைமுறையில் போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணுக் கையொப்பம் என்று சொல்வது இதையல்ல, ஆதார் ஓடிபி வழியாகப் போடும் இ-சைன் போன்றவற்றை. வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். அது முத்திரைத்தாளில், இரு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். போனில் நிரப்பிய படிவத்தை அனுப்பிவிட்டோம் என்று நினைத்து, ஒப்பந்தம் கைக்கு வராமல் அட்வான்ஸ் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். டோக்கன் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுத்து, எதற்காக என்று குறிப்பில் எழுதுங்கள்.

அனுப்பிய இறுதிக் கோப்பு, வீட்டுக்காரர் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பிய கோப்பு, பணம் கட்டிய ரசீதுப் படம் மூன்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பாதி நிரப்பிய பழைய நகல்களை Download கோப்புறையிலிருந்து அழித்துவிடலாம்.